ரவுட்டரை ரீசெட் செய்தால் எது அழியும், எது மிஞ்சும்?

ஒரு வீட்டில் நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கேமரா வைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் 8080 என்ற போர்ட்டை, அதாவது எண்ணிட்ட ஒரு வாசலைத் திறந்து, அதை 192.168.1.20 என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள். கேமரா பழுதாகிப் போய்விட்டது. அந்த விதி மட்டும் இன்னும் இருக்கிறது. சும்மா கிடந்த அந்த முகவரியை ரவுட்டர் இப்போது ஒரு லேப்டாப்புக்குக் கொடுத்திருக்கிறது. லேப்டாப்பில் ஏதாவது நிரல் 8080இல் இயங்கி, அதன் ஃபயர்வாலும் தடுக்காவிட்டால், இணையத்தில் இருக்கும் எவரும் அதை எட்ட முடியும்.

ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாலும் இந்த விதி பெரும்பாலும் போகாது. ரவுட்டரின் நினைவகத்தில் ஃபர்ம்வேர் ஓரிடத்திலும், நாம் செய்த அமைப்புகள் வேறிடத்திலும் இருக்கின்றன. புதுப்பிக்கும்போது முதல் பகுதி மட்டும் மாறும். ரீசெட் இதற்கு நேர் எதிர்: அமைப்புகளை அழித்துவிட்டு ஃபர்ம்வேரை அப்படியே விட்டுவிடும்.

ரீசெட் செய்யும் முன் இணைய இணைப்பின் விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழையும் PPPoE முறைக்கான பயனர் பெயர், கடவுச்சொல், VLAN எண் இருந்தால் அது. கடவுச்சொல் திரையில் புள்ளிகளாகத்தான் தெரியும். நினைவில்லை என்றால் முதலில் இணைய நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். இணைய இணைப்புக்கான WAN பக்கத்தில், ரவுட்டரின் அடையாள எண்ணான MAC முகவரி மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சில நிறுவனங்கள் பதிவான MAC முகவரிக்கு மட்டும்தான் இணைப்பு தரும். அப்படிப்பட்ட நிறுவனத்தின் இணைப்பில் அந்த MAC முகவரியை எழுதிக்கொள்ள மறந்தால், ரீசெட்டுக்குப் பிறகு வைஃபை நன்றாக வேலை செய்யும், WAN மட்டும் முகவரி கிடைக்காமல் நிற்கும். இணைப்புப் பெட்டி நிறுவனமே கொடுத்ததாக இருந்தால், அவர்களிடம் கேட்காமல் பொத்தானைத் தொடாதீர்கள்.

பலர் பேக்கப் கோப்பை எடுத்துவைத்து, ரீசெட் முடிந்ததும் அதையே திரும்ப ஏற்றிவிடுகிறார்கள். கேமரா விதியும் கூடவே திரும்பி வந்துவிடும். கோப்பு இருக்கட்டும், ஆனால் அவசரத்துக்கு மட்டும்.

சரி, இனி மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் பொத்தானை ஒரு குச்சியால் அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் சுமார் 10 விநாடி போதும். வைஃபை பெயர் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பெயராக மாறினால் ரீசெட் ஆகிவிட்டது. பழைய பெயரே வந்தால், அது வெறுமனே மறுபடி தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

WAN கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியை LAN கேபிளில் இணைத்து, முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அப்புறம் WAN கேபிளைச் செருகி, எழுதிவைத்த விவரங்களைக் கொடுங்கள். PPPoE உடனே இணையாவிட்டால் பதறி எதையும் மாற்றாதீர்கள். மறுமுனையில் பழைய இணைப்பு இன்னும் முடியாமல் இருக்கலாம், சில நிமிடம் பொறுங்கள். இணைந்ததும் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். வைஃபைக்குப் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

போர்ட் விதிகளை உடனே போடாதீர்கள். ஒரு வாரம் அப்படியே ஓடட்டும். எது வேலை செய்யவில்லை என்று வீட்டில் யாராவது சொல்கிறார்களோ, அதற்கு மட்டும் விதி எழுதுங்கள். எழுதும்போது அந்தக் கருவிக்கு, முகவரிகளைப் பகிர்ந்துகொடுக்கும் DHCP பக்கத்தில் நிலையான முகவரியையும் ஒதுக்கிவிடுங்கள்.