டெண்டரில் சந்தேகமா? எண் போட்டு ஒரே கடிதமாகக் கேளுங்கள்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு டெண்டர் ஆவணங்களைத் தயார் செய்து கொடுப்பது என் தொழில். இருப்பது காரைக்குடியில். சுண்ணாம்புப் பூச்சிலும் மரவேலையிலும் கைதேர்ந்த பலர், ஆவணத்தில் புரியாத ஒரு வரிக்குத் தாங்களாகவே ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டு விலை போட்டு, வேலை நடக்கும்போது கைக்காசை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். சிலர் "ஆத்தங்குடிக் கல் என்று எடுத்துக்கொண்டு விலை தந்துள்ளோம்" என்று விலையோடு ஒரு குறிப்பு எழுதி வைப்பார்கள். அது நிபந்தனையுள்ள ஒப்பந்தப்புள்ளி ஆகிவிடும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். சந்தேகம் கேட்க வேண்டிய இடம் விலைத்தாள் அல்ல, அதற்கு முன் அனுப்பும் கடிதம்.

கடைசி நாள் இரண்டு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்க ஒன்று, கேள்வி அனுப்ப அதற்கும் முந்திய இன்னொன்று. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, அதன் விதிகள் 2000-இல். புள்ளி திறப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன் விளக்கம் கேட்டால் பதில் தர வேண்டும், கேட்டவர் யார் என்று காட்டாமல் ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் அந்தப் பதிலை அனுப்ப வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. ஆனால் ஆவணமே இதைவிட முந்திய தேதி கொடுத்திருந்தால் அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். தாமதமாகக் கேட்டால், பதில் வரும்போது விலையை மாற்ற நேரம் இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது அமைப்பு, பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்க டெண்டர் விட்டது. எங்கள் பக்கத்திலிருந்து மேஸ்திரி ஒரு கேள்வி, கணக்குப் பார்ப்பவர் ஒரு கேள்வி, நான் ஒன்று என ஐந்து நாளில் ஏழு மின்னஞ்சல் போனது. பாதிக்குப் பதில் வரவில்லை. வந்ததில் மூன்று, "டெண்டரில் உள்ளபடி" என்ற இரண்டே சொல். அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு உட்கார்ந்து எங்கள் மின்னஞ்சல்களைப் படித்தபோது, அவற்றுக்கு அந்தப் பதிலைத் தவிர வேறு பதில் சொல்லவே முடியாது என்று தெரிந்தது. "பூச்சு பற்றித் தெளிவுபடுத்தவும்" என்று கேட்டிருந்தோம். எந்தப் பக்கம், எந்தப் பத்தி, என்ன முரண், எதுவும் இல்லை.

அடுத்த டெண்டருக்கு முறையை மாற்றினோம். ஆவணம் கிடைத்த நாளே ஆளுக்கொரு பிரதி. அவரவர் படித்து ஓரத்தில் குறித்து, மூன்றாம் நாள் எல்லோரும் ஒரே மேசையில் கூடினோம். பதினெட்டுக் கேள்விகள் சேர்ந்தன. அவற்றில் ஆறுக்கு ஆவணத்திலேயே வேறு பக்கத்தில் பதில் இருந்தது. அவற்றை எடுத்துவிட்டது பெரிய நன்மை. படிக்காமல் கேட்கிறார்கள் என்ற எண்ணம் அதிகாரிக்கு வந்துவிட்டால் மீதிக் கேள்விகளுக்கும் கவனம் குறைந்துவிடும்.

மீதி பன்னிரண்டையும், பதில் சொல்லப்போகிறவர் யார் என்று பார்த்துப் பிரித்தோம். பொறியாளர் பார்க்க வேண்டிய தரக்குறிப்புகள் 'அ', அளவும் கணக்கெடுப்பும் 'ஆ', பணம் வழங்கல் முதலிய ஒப்பந்த நிபந்தனைகள் 'இ', தகுதிச் சான்றுகள் 'ஈ'. அலுவலகத்தில் ஒரு கடிதம் பல மேசைகளுக்குப் போகும். கணக்குப் பிரிவுக்காரர் 'இ'-யை மட்டும் பார்த்துப் பதில் எழுதித் தள்ளிவிடலாம், தேடவேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எதிரே பக்கம், பத்தி எண், ஆவணத்தின் சொற்கள் அப்படியே, பிறகு கேள்வி, கடைசியில் பதிலுக்கு ஒரு காலிக் கட்டம். பிறகு ஏதாவது தோன்றினால் எண்ணைத் தொடர வேண்டும், முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. அ3 என்றால் இரண்டு கடிதத்திலும் ஒரே கேள்வியாக இருக்க வேண்டும்.

அந்த அ3 தான் மிக முக்கியமானதாகிவிட்டது. விலைப் பட்டியலில் தரைக்கு 'ஆத்தங்குடிக் கல்' என்று இருந்தது. ஆனால் தரக்குறிப்பில், ஓடு நீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரி. எங்கள் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கண்ணாடி மேல ஊத்தி எடுக்கிற சிமெண்ட் கல்லு. சூளையில வேகாதது. இது எப்படி உறிஞ்சாம இருக்கும்?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. 0.5 என்பது சூளையில் சுட்ட விட்ரிஃபைடு ஓடுகளுக்கு வைக்கும் அளவு. சிமெண்ட் தரை ஓடுகளுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 1237 சராசரியாக 10 சதவீதம் வரை ஏற்கிறது. வேறு டெண்டரிலிருந்து நகல் எடுத்து ஒட்டும்போது இந்த வரியும் கூடவே வந்திருக்க வேண்டும். யாரும் கேட்காமல் விட்டால், கல் பதித்த பிறகு கல் தேறவில்லை என்று பரிசோதனைக்கூடம் அறிக்கை தரும், பில் நின்றுவிடும்.

நாங்கள் எழுதியது இது:

அ3. விலைப் பட்டியல் வரிசை 22: "ஆத்தங்குடிக் கல்". தரக்குறிப்பு பக்கம் 51, பத்தி 6.4: "நீர் உறிஞ்சல் 0.5%-க்கு மிகாமல்". ஆத்தங்குடிக் கல் சுடாத சிமெண்ட் ஓடு என்பதால் இந்த அளவை எட்டாது. பத்தி 6.4-க்குப் பதிலாக ஐ.எஸ். 1237 பொருந்துமா? ஆம் / இல்லை. இல்லை எனில் வரிசை 22-க்கு எந்த ஓடு?

இந்தக் கேள்விக்கு "டெண்டரில் உள்ளபடி" என்று பதில் எழுத முடியாது, ஏனென்றால் டெண்டரில் இரண்டு வெவ்வேறு விஷயம் இருக்கிறது. கேள்வியை அனுப்பும் முன் நான் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்ப்பேன். அந்த இரண்டு சொல்லால் பதில் சொல்ல முடிந்தால், கேள்வி இன்னும் தயாராகவில்லை. ஒரே எண்ணில் இரண்டு விஷயம் கேட்டாலும் ஆபத்துதான், முதலாவதுக்குப் பதில் வரும், மற்றது காணாமல் போகும்.

இன்னொன்று ஆ2. பிரித்தெடுக்கும் பழைய பர்மா தேக்கு யாருக்குச் சொந்தம் என்று ஆவணம் சொல்லவே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கதவு, தூண் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். அதை நமக்கென்று கழித்துக்கொண்டால் விலை குறையும், பிறகு அமைப்பு உரிமை கேட்டால் நஷ்டம். இங்கே மேற்கோள் காட்டப் பத்தி கிடையாது, அதனால் "எந்தப் பத்தியிலும் குறிப்பு இல்லை" என்று எழுதினோம். ஒன்று கவனியுங்கள்: பதில் எல்லோருக்கும் போகும். அதனால் உங்கள் கணக்கோ வேலை செய்யும் முறையோ கேள்வியில் தெரியக் கூடாது.

பதினோராம் நாள் திருத்த அறிவிப்பு வந்தது. அ3-க்கு ஆம் என்று பதில், பத்தி 6.4 மாற்றம். பழைய மரம் அமைப்புக்கே, கணக்கெடுத்து ஒப்படைக்க வேண்டும் என்று ஆ2-க்கு. பன்னிரண்டில் ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. இ4 என்று எண்ணைச் சொல்லி ஒரே வரியில் நினைவூட்டினோம், இரண்டு நாளில் வந்தது. தொலைபேசியில் ஒருவர் வாய்ச்சொல்லாகச் சொன்னதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. திருத்த அறிவிப்பாக வந்தால்தான் அது ஒப்பந்தத்தின் பகுதி.

திருத்தத்தோடு tntenders.gov.in தளத்தில் விலைப் பட்டியல் கோப்பும் புதிதாக ஏறியிருந்தது. பழைய கோப்பில் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த விலைகளை விட்டுவிட்டு, புதியதை இறக்கி, 22-ஆம் வரிசையிலிருந்து மறுபடி கணக்குப் போட்டோம்.