லிங்க்டின் பதிவு: எழுத்தா, ஸ்லைடா, படமா, வாக்கெடுப்பா?

லிங்க்டினில் ஒரு பதிவு எத்தனை பேரைச் சென்றடையும் என்பதை லைக்குகளும் கமெண்டுகளும் மட்டும் முடிவு செய்வதில்லை. படிப்பவர்களில் பெரும்பாலோர் எதையும் அழுத்தாமல் நகர்ந்துவிடுவதால், பதிவின் பாதியாவது திரையில் தெரியத் தொடங்கியதிலிருந்து ஒருவர் அதில் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்வதாக அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் 2020இல் விளக்கினார்கள். சட்டென்று கடந்துவிடுவார்கள் என்று கணிக்கப்படும் பதிவு வரிசையில் கீழே போகும்.

ஆலைப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர், மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் நேர்கோட்டில் இல்லாததால் பேரிங் அடிக்கடி பழுதாவதைப் பற்றி எழுத விரும்புகிறார் என்று கொள்வோம். எழுத்துப் பதிவில் 3000 எழுத்துக்குறிகள் வரை இடமுண்டு. ஆனால் முதல் சில வரிகள் மட்டுமே தெரியும், மீதியைப் படிக்க ஒருமுறை தட்ட வேண்டும். "பராமரிப்பில் கவனம் தேவை" என்று தொடங்கினால் யாரும் தட்டமாட்டார்கள். "மூன்று மாதத்தில் மூன்றாவது பேரிங், கிரீஸில் குறையே இல்லை" என்றால், காரணத்தை அறிய அதே தொழிலில் இருப்பவர் நிற்பார். பழுதான பேரிங்கின் ஓடுபாதைத் தேய்மானம் தெளிவாகத் தெரியும் புகைப்படம் இருந்தால் அதையும் சேர்க்கலாம், ஏனெனில் அது சான்று. இணையத்தில் எடுத்த பொதுவான ஆலைப்படம் யாரையும் நிறுத்தாது.

தண்டுகளை நேராக்கும் முறையைப் படிப்படியாகக் காட்ட வேண்டுமானால், பிடிஎஃப் ஆகப் பதிவேற்றப்படும் ஸ்லைடுகளே ஏற்றவை. ஒவ்வொரு பக்கத்தையும் தள்ளிப் பார்ப்பதிலேயே வாசகர் தங்கும் நேரம் கூடுகிறது. இங்கே பலரும் தவறுவது எழுத்தின் அளவில்தான். 1080 பிக்சல் அகலமுள்ள ஸ்லைடு, கைபேசியில் ஏறக்குறைய 6.5 செ.மீ. அகலத்துக்குச் சுருங்கும்போது, 24 பிக்சல் எழுத்து ஒன்றரை மில்லிமீட்டராகிவிடும். சுழியும் கொம்பும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு அது போதாது. 60 பிக்சல் வைத்தால் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரே படிநிலை என்று வைத்துக்கொண்டால் அதற்கு இடம் தாராளமாக இருக்கும்.

வாக்கெடுப்பில் பங்கேற்க ஒரு தட்டு போதும் என்பதால் எண்ணிக்கை எளிதில் ஏறும். அந்த எளிமையே மிகையான பயன்பாட்டுக்கு வழிவகுத்ததால், 2022இல் லிங்க்டின் வாக்கெடுப்புகளைக் குறைத்துக் காட்டப்போவதாக அறிவித்தது. என் கருத்தில் இதன் உண்மையான பயன் வேறு: யார் எதைத் தேர்ந்தார் என்பது கேட்டவருக்குத் தெரியும். "தண்டு நேராக உள்ளதா என்று எதைக் கொண்டு சரிபார்க்கிறீர்கள்: டயல் கேஜ், லேசர், நேர்விளிம்பு?" என்று கேட்டால், துல்லியம் குறைந்த நேர்விளிம்பைத் தேர்ந்தவர்களுக்கே அடுத்த ஸ்லைடு பதிவு தேவை என்று புரியும்.

ஒரு வடிவம் பயன் தந்ததா என்பதை மொத்தப் பார்வைகளை வைத்து மதிப்பிடக் கூடாது. ஒரே ஆள் இருமுறை பார்த்தாலும் அது கூடும். எத்தனை உறுப்பினர்களை எட்டியது என்பது பகுப்பாய்வுப் பக்கத்தில் தனியே தரப்படுகிறது. அதே பக்கத்தில் பார்த்தவர்களின் பதவிகளும் இருக்கும். வாக்கெடுப்பு ஆயிரம் பேரை எட்டியும் அவர்களில் பராமரிப்புத் துறையினர் சிலரே என்றால், நூறு பராமரிப்புப் பொறியாளர்களை எட்டிய ஸ்லைடு பதிவே அந்தப் பொறியாளருக்கு மேலானது.