5,000 ரூபாயைத் தாண்டினால் கார்டு ஏன் பின் கேட்கிறது?

மருந்துக் கடையில் பில் 4,850 ரூபாய். கார்டை மெஷின்மேல் காட்டியதும் ரசீது வந்துவிடுகிறது. அதே பில் 5,200 ஆகியிருந்தால் பின் நம்பரை அழுத்தாமல் பணம் போயிருக்காது. இத்தனைக்கும் கார்டுக்குள் நடக்கும் வேலை இரண்டு முறையும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கார்டில் பேட்டரி கிடையாது. மெஷின் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பிளாஸ்டிக்குக்குள் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச் சுருளில் அது தூண்டும் மின்சாரத்தில்தான் சிப் இயங்குகிறது. மெஷின் தொகையையும் தேதியையும் அந்த நொடியில் உருவாக்கிய ஓர் எண்ணையும் அனுப்பும். சிப், இது தன்னுடைய எத்தனையாவது பரிவர்த்தனை என்ற எண்ணிக்கையையும் சேர்த்து, உள்ளே பூட்டி வைத்த ரகசியச் சாவியால் ஒரு குறியீட்டைக் கணக்கிட்டுத் தரும். வங்கி தன்னிடமுள்ள சாவியால் அதைச் சரிபார்க்கும். யாராவது இந்த உரையாடலைப் பதிவு செய்து மறுபடி அனுப்பினால், பழைய எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆக, கார்டு அசல் என்பது உறுதி. அது யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. தெருவில் கிடந்த கார்டை எடுத்தவர் காட்டினாலும் குறியீடு சரியாகவே வரும். பின் கேட்பது அதனால்தான். சின்னத் தொகைக்கு அந்தச் சோதனையை விட்டுவிடலாம் என்று ரிசர்வ் வங்கி 2015இல் அனுமதித்தபோது வரம்பு 2,000 ரூபாய். 2021 ஜனவரி 1 முதல் அது 5,000. கார்டு தொலைந்தால் ஒரு தடவையில் எவ்வளவு போகலாம் என்பதற்குப் போட்ட வேலி இது.

ஆனால் ஒருவர் 4,900, 4,900 என்று தொடர்ந்து தட்டிக்கொண்டே போனால்? அதற்காக, ஒரு நாளில் எத்தனை முறை பின் இல்லாமல் விடலாம் என்பதை வங்கிகளே முடிவு செய்துகொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றிய விதி இன்னும் கறாரானது: ஒரு முறைக்கு 50 யூரோ, அதோடு மொத்தம் 150 யூரோ அல்லது தொடர்ச்சியாக ஐந்து முறை என்ற கணக்கில் ஒன்றை வங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 300 ரூபாய் பில்லுக்குத் திடீரெனப் பின் கேட்டால், மெஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

வேலியிலும் ஓட்டை இருந்தது. 2020இல் சூரிச் இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு போன்களைக் கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவே வைத்து, விசா கார்டிலிருந்து வரும் ஒரு தகவலை மட்டும் மாற்றினார்கள். ‘உரிமையாளரைப் போனிலேயே சரிபார்த்தாகிவிட்டது, பின் வேண்டாம்’ என்று மெஷின் நம்பியது. தொகைக்குக் குறியீட்டின் காவல் இருந்தது, இந்தத் தகவலுக்கு இல்லை. வரம்பைத் தாண்டிய தொகையும் பின் இல்லாமல் போனது.

வங்கிச் செயலியில் டேப் வசதியை நாமே அணைக்கலாம், வரம்பைக் குறைத்தும் வைக்கலாம். கார்டு தொலைந்தால் உடனே வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு போகும் பணம், ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கியின் பொறுப்பு.