உயரமாக இருந்தால் எஸ்யூவி ஆகிவிடாது

போன மாதம் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பியின் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் பட்டறையில் விட்டார்கள். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கதவைத் திறந்ததுமே கருகிய வாடை மூக்கில் ஏறியது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருந்த பொருள் தீய்ந்து ரிவிட் வெளியே தெரிகிறது. அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் சூட்டில் நீலம் பாய்ந்து கிடக்கிறது. என்னப்பா செய்தாய் என்று கேட்டேன். மழை விட்டதும் தோட்டத்துக்குள் வண்டியை இறக்கியிருக்கிறார். கரிசல் மண்ணில் முன்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. அரை கிளட்ச்சில் அரை மணி நேரம் உறுமவிட்டிருக்கிறார். கடைசியில் டிராக்டர் வந்துதான் வெளியே எடுத்தது.

“அண்ணே, எஸ்யூவிதானே வாங்குனேன்? அது வயலுக்குள்ள போகாதா?”

இந்த மழைக்காலத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்பது நான்காவது முறை. அவர் வாங்கியது எஸ்யூவி இல்லை. அது எஸ்யூவி முகம் வைத்த கிராஸ்ஓவர். கிளட்ச் தேய்கிற சாமான் என்பதால் வாரண்டியிலும் வரவில்லை. முழுச் செலவும் அவர் கையிலிருந்து போனது. முதல் கார் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். ஒரு காரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னால் எஞ்சின் இருக்கும் பெட்டி, அதற்குப் பின்னால் ஆள் உட்காரும் பெட்டி, இரண்டோடு முடிந்துவிட்டால் அது ஹேட்ச்பேக். பின்கண்ணாடியோடு சேர்ந்து ஒரே கதவாக மேலே திறக்கும். டிக்கியும் உள்ளறையும் ஒரே இடம்தான். பின்சீட்டை மடக்கினால் சின்ன பிரிட்ஜ்கூட ஏற்றலாம். மூன்றாவதாக ஒரு பெட்டி வாலாக நீண்டு, அதற்குத் தனி மூடி இருந்தால் அது செடான். ஸ்விஃப்டும் டிசையரும் இதற்கு நல்ல உதாரணம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இரண்டிலும் ஒன்றுதான். பின்னால் வால் வைத்ததில் டிக்கி மட்டும் சுமார் 265 லிட்டரிலிருந்து 380 லிட்டர் அளவுக்குப் போகிறது. மாதம் இரண்டு தடவை நெடுஞ்சாலையில் பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போகிறவருக்குச் செடான் நல்ல வண்டி. ஆனால் தாழ்வாக உட்கார வேண்டியிருக்கும். நீளமான செடான் என்றால் நம் ஊர் வேகத்தடைகளில் அடி தட்டவும் செய்யும்.

அப்புறம்தான் வருகிறது குழப்பம். கிராஸ்ஓவர் என்பது ஹேட்ச்பேக் அல்லது செடானின் அடிப்பாகத்தை எடுத்து, உயரத்தைக் கொஞ்சம் தூக்கி, பெரிய சக்கரம் மாட்டி, பானட்டை நிமிர்த்தி, சக்கர வளைவைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை ஒட்டிச் செய்வது. மாருதி பலேனோவையும் ஃபிரான்க்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டும் நான்கு மீட்டருக்கு ஒரு நூல் குறைவு. இரண்டிலும் சக்கர இடைவெளி 2,520 மில்லிமீட்டர். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே பலேனோவில் 170 மில்லிமீட்டர், ஃபிரான்க்ஸில் 190. டிக்கி ஃபிரான்க்ஸில் பத்து லிட்டர் குறைவு. அந்த இரண்டு சென்டிமீட்டர் வேகத்தடையிலும் குண்டும் குழியுமான தெருவிலும் உண்மையாகவே உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் எஞ்சின் சுற்றுவது முன்சக்கரத்தை மட்டும்தான். சேற்றில் இறங்கினால் பலேனோ எங்கே நிற்குமோ, ஏறக்குறைய அங்கேதான் ஃபிரான்க்ஸும் நிற்கும்.

இது ஒரு கம்பெனியின் கதை இல்லை. தெருவில் நாம் எஸ்யூவி என்று சொல்லும் வென்யூ, நெக்ஸான், பிரெஸ்ஸா, கிரெட்டா எல்லாமே இந்தியாவில் முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள்தான். நல்ல வண்டிகள். என்னிடம் சர்வீசுக்கு வருபவற்றில் பாதி இவைதான். பெயரைப் பார்த்து அவற்றிடம் டிராக்டர் வேலை கேட்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

உண்மையான எஸ்யூவியை அடையாளம் காண முகத்தைப் பார்க்காமல் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, தார், ஃபார்ச்சூனர் இவற்றின் அடியில் லாரிக்கு இருப்பதுபோல இரண்டு நீளமான இரும்புத் தண்டவாளமும் குறுக்குச் சட்டங்களும் ஏணிபோலக் கிடக்கும். அதுதான் சேஸி. உடல் அதன்மேல் தனியாக ஏற்றி போல்ட் போட்டது. கிராஸ்ஓவரில் அந்த ஏணி கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடு. ஏணி வண்டி கரடுமுரடான பாதையில் முறுக்கலைத் தாங்கும், பாரம் இழுக்கும். அதற்கு விலையாக எடை கூடும், எண்ணெய் குடிக்கும், நல்ல ரோட்டில் குலுக்கும், கொடைக்கானல் வளைவுகளில் உடம்பைச் சாய்க்கும்.

இங்கே இன்னொரு தப்பெண்ணம். ஏணி சேஸி இருந்தால்தான் விபத்தில் உயிர் தப்பும் என்று பெரியவர்கள் பலர் என்னிடம் அடித்துச் சொல்கிறார்கள். இந்தியத் தயாரிப்புக் கார்களில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் வாங்கியது நெக்ஸான், 2018 டிசம்பரில். அதற்கு ஏணி சேஸி கிடையாது. பாதுகாப்பு வேண்டுமென்றால் நீங்கள் வாங்கும் மாடலின் சோதனை முடிவைக் கேளுங்கள், அடியில் இருக்கும் இரும்பின் எடையைக் கேட்காதீர்கள்.

ஏணி வண்டியும் தானாகச் சேற்றில் ஏறிவிடாது. பொலேரோ போன்றவற்றில் பின்சக்கரம் மட்டும் தள்ளும். வழுக்கும் மண்ணில் அதுவும் சுழன்று நிற்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வகையும், மெதுவாக ஆனால் வலுவாக இழுக்கும் குறைந்த கியர் வரிசையும் இருந்தால்தான் நீங்கள் மனதில் நினைக்கும் எஸ்யூவி. தாரிலும் ஸ்கார்ப்பியோ-N மாடலிலும் அது தனியாகப் பணம் கொடுத்து வாங்கும் வகை. ஆகவே விற்பனையாளரிடம் “இது எஸ்யூவியா?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார். “எந்தச் சக்கரம் இழுக்குது?” என்று கேளுங்கள். ஒரே வரியில் பதில் வரும்.

எம்பிவி என்பது ஆளை ஏற்றவே செய்த வண்டி. மூன்று வரிசை சீட், நீளமான கூரை, அகலமாகத் திறக்கும் பின்கதவு. எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா. இதில் ஏமாறுவது ஏழு என்ற எண்ணில். எர்டிகாவில் மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் டிக்கிக்கு மிஞ்சுவது சுமார் 209 லிட்டர். நான்கு மீட்டருக்குள் அடங்கிய டிரைபரில் 84 லிட்டர்தான், இரண்டு பள்ளிக்கூடப் பை வைத்தால் முடிந்தது. ஏழு பேரும் ஏழு பேரின் பெட்டியும் ஒன்றாகப் போக முடியாது. பெட்டியைக் கூரைமேல் கட்டிக்கொண்டு பழனிக்குக் கிளம்பும் வண்டிகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். உயரத்தில் ஏற்றிய பாரம் வளைவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும்.

வரியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேல் போகாமல், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளும் டீசல் 1,500 சிசிக்குள்ளும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்தக் கோட்டைத் தாண்டினால் 40. சின்னக் கார்கள் பலவும் 3,995 மில்லிமீட்டரில் வந்து நிற்பதும், குட்டி செடான்களின் வால் வெட்டியதுபோல இருப்பதும், 2025-க்கு முன்பிருந்தே வரியில் இருக்கும் இந்த நான்கு மீட்டர்க் கோட்டினால்தான்.

சரி, தேர்ந்தெடுப்பது எப்படி? மேலூரிலிருந்து ஒரு அக்கா வந்தார், வங்கியில் வேலை. கணவர், இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியுள்ள மாமியார். ஏழு சீட் எஸ்யூவி வேண்டும் என்றார். எதற்கு என்றேன். வருடத்தில் இரண்டு தடவை நாத்தனார் குடும்பம் வரும் என்றார். “அந்த ரெண்டு நாளைக்கு வேன் பிடிச்சுக்குங்கக்கா, மிச்சம் 363 நாளைக்குக் கார் வாங்குங்க” என்றேன். மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போகச் சொன்னேன்.

அந்த அம்மா செடானில் உட்காரும்போது தூணைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று விழ வேண்டியிருந்தது, எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுத்தார்கள். ஏணி எஸ்யூவியில் படியில் கால் வைத்ததுமே முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கிராஸ்ஓவரிலும் உயரமான ஹேட்ச்பேக்கிலும் அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பி உள்ளே வைத்துக்கொண்டார். சீட்டின் ஓரத்தில் உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் பதிந்து, முட்டி இடுப்புக்கு மேலே ஏறாமல் இருந்தால் அந்த உயரம் சரி. அவர்கள் வீட்டுச் சந்தில் எதிரே ஒரு ஆட்டோ வந்தால் ஒதுங்க இடமில்லை, அதனால் அகலம் குறைந்த உயர ஹேட்ச்பேக்கையே எடுத்தார்கள். ஐந்து பேர் போகும்போது பின்சீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் தாராளமாக உட்காருகிறார்கள்.

நீங்களும் இதையே செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பெரிய பெட்டியைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். சிஎன்ஜி வண்டி என்றால் சிலிண்டரோடு சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது வரிசை இருந்தால் அங்கே குழந்தையை உட்காரவைக்காமல் வளர்ந்த ஆளை உட்காரவைத்து, தலைக்குப் பின்னால் தாங்கி இருக்கிறதா, பெல்ட் மாட்ட வருகிறதா என்று பாருங்கள். முழு ஆளோடு உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றி ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள்.

ஏற்கனவே கிராஸ்ஓவர் வைத்திருப்பவர் சேற்றில் மாட்டினால், சக்கரம் சுழல ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். முன்சக்கரத்தின் முன்னால் மண்ணைத் தோண்டிவிட்டு ஓலை, சாக்கு, கல் எது கிடைக்கிறதோ அதைப் போட்டு, கிளட்ச்சை முழுதாக விட்டு மெல்ல எடுத்துப் பாருங்கள். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். வாடை வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு டிராக்டரைக் கூப்பிடுங்கள். அருப்புக்கோட்டைத் தம்பி இப்போது மழை நாளில் காரைத் தார் ரோட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டு, தோட்டத்துக்கு நடந்து போகிறார்.