கோழிக்கு ஏன் கீழ்த்தட்டு?

புதுச்சேரியில் கேட்டரிங் படிக்கும் மாணவி ஒருவர் எழுதியிருந்தார். சொந்த ஊர் கடலூர் முதுநகர். செய்முறைத் தேர்வில் ஒரு கூடை நிறையப் பொருள்களைக் கொடுத்து, ஃபிரிட்ஜில் அடுக்கிக் காட்டச் சொன்னார்களாம். வெட்டிய பழம், தயிர், பால் பாக்கெட்டுகள், வஞ்சிரத் துண்டுகள், ஆட்டுக்கறி, கொத்துக்கறி, முந்தைய நாள் ஃபிரீசரிலிருந்து எடுத்து உறைநிலை தளர்த்திய கோழி. பழத்தையும் தயிரையும் மேலே வைத்தார், சரி. கோழியை நடுவில் வைத்தார். மீனை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். மதிப்பெண் போயிற்று. பால் பாக்கெட்டை அடுக்கியதிலும் கொஞ்சம் போயிற்று. "மீன்தானே ஐயா நாறும்? நாறுவதைத்தானே கீழே வைக்க வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி.

துறைமுகப் பக்கம் வளர்ந்தவர் மூக்கை நம்பியதில் வியப்பில்லை. ஆனால் மீன் நாற்றம் என்பது மீன் கெட்டுக்கொண்டிருப்பதற்கான அறிகுறி. நம்மைப் படுக்கவைக்கும் கிருமிகள் பலவற்றுக்கு நாற்றமே கிடையாது. தட்டுகளின் வரிசைக்கு அடிப்படை வெப்பநிலை. அமெரிக்க உணவு விதித்தொகுப்பின்படி மீனும் முழுத்துண்டு ஆட்டுக்கறியும் உள்ளே 63 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும். கொத்துக்கறி 68-ஐயும் கோழி 74-ஐயும் எட்ட வேண்டும். முழுத்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது மேற்பரப்பே உள்ளே போய்விடுகிறது, அதனால்தான் கொத்துக்கறிக்குக் கூடுதல் சூடு. இந்த எண்களை ஏணியாக நிறுத்தினால் தட்டு வரிசை வந்துவிடும். சமைக்காமலே சாப்பிடுவது உச்சியில், அதன் கீழ் மீன், பிறகு ஆட்டுக்கறி, பிறகு கொத்துக்கறி, அடியில் கோழி. மேலிருந்து எது சொட்டினாலும், அதைவிடக் குறையாத சூட்டில் வேகப்போகும் பொருளின் மீதுதான் விழும்.

மீன் குழம்பு கொதிக்கத்தானே போகிறது, கோழி நீர் பட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அதே வஞ்சிரம் கனமான துண்டாகத் தோசைக்கல்லில் வறுபடும்போது, மேலே முறுகலாகவும் நடுவில் 63-ஐ ஒட்டியும் இருக்கும்.

சரி, கோழி ஏன் சொட்டுகிறது? இந்த இடத்தில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் ஈர்ப்பு உண்டு. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். அதில் பெரும்பகுதி, தசையைச் சுருக்கி விரிக்கும் நுண்ணிய புரத இழைகளின் இடுக்குகளில் தங்கியிருக்கிறது. இழைகளின் மேல் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடைவெளி விட்டு நிற்கும், அந்த இடைவெளியில் தண்ணீர் நிற்கும். கோழி இறந்த பிறகு மூச்சு இல்லை, ஆக்சிஜன் இல்லை. இருந்த சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே எரிக்கப் பார்க்கும் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அமிலம் ஏற ஏற, இழைகளின் மின்னூட்டம் குறைந்து சமநிலையை நெருங்குகிறது. தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் போன இழைகள் நெருங்கி அமர்கின்றன. இடுக்கில் இருந்த தண்ணீர் வெளியே பிதுங்குகிறது.

ஃபிரீசருக்குப் போய் வந்த கோழியில் இன்னொன்றும் நடந்திருக்கும். வீட்டு ஃபிரீசர் மெதுவாகத்தான் உறையவைக்கும். மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து செல் சவ்வுகளைக் கிழிக்கும். பனி உருகும்போது கிழிசல் வழியே எல்லாம் வடியும். தட்டில் தேங்கும் அந்த இளஞ்சிவப்பு நீரைப் பலரும் இரத்தம் என்கிறார்கள். அது தசை நீர், சிவப்பு மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தின் நிறம்.

அந்த நீர் தோலைக் கழுவிக்கொண்டு இறங்குகிறது என்பதுதான் சங்கடம். கோழியின் குடலில் சாதுவாக வாழும் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி, உரித்துச் சுத்தம் செய்யும்போது தோலில் ஒட்டிக்கொள்கிறது. 30 டிகிரிக்குக் கீழே அது பெருகாது. ஆனால் ஃபிரிட்ஜ் குளிரில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். பெருகாத கிருமிக்கு ஏன் பயம்? 1981-இல் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இந்தக் கிருமி சுமார் 500 மட்டும் கலந்த பாலைத் தானே குடித்துப் பார்த்தார். வயிற்றுப்போக்கு வந்தது. இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு மில்லிலிட்டர் வடிநீரில் 10,000 கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லி. ஆக, ஒரு சொட்டில் 500. ராபின்சன் குடித்த அதே அளவு. "ஃபிரிட்ஜில்தானே இருக்கிறது, என்ன ஆகிவிடும்" என்ற சமாதானம் இங்கே செல்லாது. சொட்டு விழும்போதே வேலை முடிந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் இருட்டிய பிறகு கறிக்குழம்பை வெளியே கொடுத்தனுப்பினால் தூக்கில் ஒரு கரித்துண்டு போடுவார்கள், பேய் அண்டாதிருக்க. பேயைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. அந்தத் தூக்கின் மூடியை மட்டும் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் வீட்டு ஃபிரிட்ஜில் தேர்வு வரிசையை அப்படியே பின்பற்ற முடியாது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்கு நேர் கீழே ஒரு தட்டு இருக்கிறதே, அதிகக் குளிர் என்பதால் கறியையும் மீனையும் அங்கேதான் திணிக்கிறோம். அதற்குக் கீழே தயிர், இட்லி மாவு, மிச்சக் குழம்பு. அடியிலோ கொத்தமல்லியும் வெள்ளரிக்காயும், பச்சையாகத் தின்பவை. எங்கே வைத்தாலும் இடிக்கும். கோழியை ஓரம் உயர்ந்த, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைப்பதுதான் வழி. பாலிதீன் பை உதவாது. முடிச்சின் வழியாகவும், எலும்பு முனை குத்திய ஓட்டை வழியாகவும் நீர் வரும். சந்தேகமிருந்தால் பைக்கு அடியில் வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள்.

இனி பால். மாணவி செய்தது "முதலில் வந்தது முதலில் வெளியே" என்ற பாடம். நேற்று வந்த பாக்கெட்டுகளை முன்னாலும், இன்று வந்தவற்றைப் பின்னாலும் வைத்திருக்கிறார். ஆனால் நேற்றையதில் கடைசி நாள் 15, இன்றையதில் 14 என்று அச்சாகியிருந்தது. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டால் இப்படித்தான் ஆகும். தேர்வாளர் எதிர்பார்த்தது "முதலில் முடிவது முதலில் வெளியே": 14 முன்னால், 15 பின்னால்.

அச்சிட்ட தேதியும் ஓர் எல்லை வரைதான். அந்தக் கோழிப் பாக்கெட்டில் இன்னும் ஐந்து மாதம் இருந்ததாம். அது உறைந்த நிலையில் இருந்தால் செல்லும் தேதி. ஃபிரீசர் கடிகாரத்தை நிறுத்தித்தான் வைக்கிறது, உருகத் தொடங்கியதும் அது மறுபடி ஓடுகிறது. 5 டிகிரிக்குள் இருக்கும் ஃபிரிட்ஜிலும் பச்சைக் கோழிக்கு ஓரிரு நாள்தான் கெடு. எனவே எடுத்த நாளையும் நேரத்தையும் எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அதை ஒட்டவில்லை என்று கடிதத்தின் கடைசி வரியில் அவரே சொல்லியிருந்தார். கூடையில் இருந்தவற்றிலேயே மிகத் தள்ளிய தேதி கொண்ட அந்தக் கோழிதான், அதிகம் சொட்டுவதும் முதலில் அடுப்பேற வேண்டியதும்.