கேட்காத காலர் டியூனுக்கு 118 ரூபாய்: நிறுத்துவது எப்படி, பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி

பெங்களூரு அல்சூரில் இருக்கும் 72 வயதுப் பெரியவர் ஒருவரின் போஸ்ட்பெய்ட் பில்லை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவருடைய மாதத் திட்டம் 399 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 470.82 வர வேண்டும். வந்திருப்பதோ 588.82. பில்லின் இரண்டாம் பக்கத்தில், மதிப்புக்கூட்டுச் சேவைகள் என்ற தலைப்பின் கீழ் நான்கு வரிகள் இருக்கின்றன: காலர் டியூன் மாத வாடகை 30, பாட்டுக் கட்டணம் 15, இன்னொரு பாட்டுக் கட்டணம் 15, ராசிபலன் சேவை 40. மொத்தம் 100. அதற்கும் வரி 18.

காலர் டியூன் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. காசு கொடுப்பவருக்கு அது கேட்காது, கூப்பிடுகிறவருக்குத்தான் கேட்கும். வேலூரிலிருந்து தங்கை, "என்னண்ணே, உனக்குப் போன் போட்டா ஏதோ இந்திப் பாட்டு பாடுது" என்று சொல்லும்வரை பெரியவருக்குத் தெரிய வழியில்லை. பில் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகிறது என்றால் மாதக்கணக்கில் கூடத் தெரியாமல் போகலாம்.

இது எப்படி ஒட்டிக்கொண்டது என்பதைப் பில்லிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சேவை தொடங்கிய தேதி, நேரத்தை அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே நிமிடத்தில் இவர் யாரையாவது கூப்பிட்டிருந்தால், எதிர்முனையில் ஒலித்த பாட்டுக்கு நடுவே "இந்தப் பாட்டு வேண்டுமானால் ஸ்டாரை அழுத்துங்கள்" என்று கன்னடத்திலோ இந்தியிலோ சொல்லியிருக்கும். விரலோ கன்னமோ பட்டிருக்கும். இரண்டு பாட்டுக் கட்டணம் விழுந்ததும் அப்படித்தான்: இரண்டாம் முறை ஸ்டார் பட்டதும் பாட்டு மாறி, புதிதாக 15 ரூபாய் ஏறியிருக்கிறது. பட்டியலில் அந்த நேரத்தில் அழைப்பே இல்லையென்றால், பதிவுக்குரல் விளம்பர அழைப்பு வந்திருக்கலாம், அல்லது திரையில் குதிக்கும் அறிவிப்பில் ஓகே அழுத்தியிருக்கலாம்.

சரி, ஸ்டாரை அழுத்திவிட்டார், அது அவர் தப்புதானே என்று கடைப் பையன் சொல்லக்கூடும். விதி அப்படிச் சொல்லவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலை 10 அன்று போட்ட உத்தரவின்படி, கட்டணச் சேவை எதற்கும் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும். முதல் சம்மதத்துக்குப் பிறகு, அந்தச் சேவையை விற்பவரின் கையில் இல்லாத தனிச் சம்மத வாயில் ஒன்றின் வழியாக இரண்டாவது உறுதியும் வாங்க வேண்டும். இரண்டாவது உறுதி வராவிட்டால் காசு எடுக்கக் கூடாது. ஆகவே ஸ்டார் அழுத்தியது பாதிக் கதைதான். மீதிப் பாதிக்கான பதிவைக் காட்ட வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு உங்களிடம் இருக்கும் முக்கியமான பிடி இதுதான்.

நிறுத்துவது எளிது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான இலவச எண் 155223. அதற்கு அந்த சிம்மிலிருந்தே இப்படி ஓர் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும்:

```
STOP
```

ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளின் பட்டியல் பதிலாக வரும். எதை நிறுத்த வேண்டும் என்று அதில் சொன்னபடி பதில் அனுப்பினால் நான்கு மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். அதே எண்ணுக்குக் கூப்பிட்டும் சொல்லலாம். ஆனால் பெங்களூரு சிம்மில் தமிழ்க் குரல் வரும் என்று நம்ப முடியாது, புரியாத மெனுவில் எண் அழுத்தித்தானே பலருக்கு இந்த வினையே வந்தது. எஸ்எம்எஸ்தான் நல்லது. ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக நிறுத்தியதற்கான பதில் வருகிறதா பாருங்கள். பாட்டை மட்டும் எடுத்துவிட்டு வாடகையை விட்டுவிட்டால் அடுத்த மாதமும் 30 ரூபாய் வரும்.

எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு முன்பே பில்லின் அந்தப் பக்கத்தையும், கம்பெனி ஆப்பில் சேவைகள் தெரியும் பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். நிறுத்திய பிறகு ஆப்பில் அந்த வரி காணாமல் போய்விடும். பழைய எஸ்எம்எஸ்களையும் அழிக்காதீர்கள். சேவை தொடங்கியதும் பெயர், கட்டணம், காலம், நிறுத்தும் வழி எல்லாம் சொல்லி ஒரு செய்தி வந்திருக்க வேண்டும். வந்திருக்கவே இல்லை என்றால் அதுவும் உங்கள் பக்கத்துக்குச் சாதகம்.

நிறுத்தியதால் போன பணம் திரும்பாது. அதற்குத் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். சேவை தொடங்கிய 24 மணி நேரத்துக்குள், என் சம்மதம் இல்லாமல் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. பெரியவர் மாதக் கடைசியில்தானே பார்க்கிறார்? அதனால் சேவை மையத்தில் முதலில் சொல்லும் பதிலே "24 மணி நேரம் தாண்டிவிட்டது" என்பதாக இருக்கும். அதைக் கேட்டுத் திரும்பிவிட வேண்டாம். சம்மதமே வாங்காத கட்டணம் என்பது பில் தகராறு, அதைப் பிறகும் எழுப்பலாம். 198க்குக் கூப்பிட்டு, அல்லது மின்னஞ்சலில், இப்படிக் கேளுங்கள்:

"இந்த நான்கு சேவைகளையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது சம்மதம் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வழியில் பதிவானது என்று எழுத்தில் தாருங்கள். பதிவு இல்லையென்றால் வரியோடு 118 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். முந்தைய மாதங்களிலும் எடுத்திருந்தால் அதையும் சேர்த்துத் தாருங்கள்."

100 ரூபாய் என்று மட்டும் கேட்டால் வரி நின்றுவிடும், கவனம். புகார் எண் வாங்காமல் போனை வைக்க வேண்டாம். அந்த எண் இல்லாவிட்டால் மேல்முறையீட்டில் காட்ட எதுவும் இருக்காது. புகார் தீர்ந்தால் ஒரு வாரத்துக்குள் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

புகார் ஓடும்போது பில்லைக் கட்டலாமா என்று கேட்பார்கள். 118 ரூபாய்க்காக மொத்தத்தையும் நிறுத்தி வைத்தால் தாமதக் கட்டணம் ஏறும், அவுட்கோயிங்கும் நின்றுபோகலாம். தனியாக இருக்கும் முதியவருக்கு அது ஆகாது. கட்டிவிட்டு அடுத்த பில்லில் கழிக்கச் சொல்வதே பாதுகாப்பு.

பதில் வரவில்லை, வந்ததும் ஒப்பும்படி இல்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முகவரி கம்பெனி இணையதளத்தில் நுகர்வோர் சாசனத்தில் இருக்கும். பலர் இந்தப் படியைத் தாண்டி நேரே டிராய்க்கு எழுதுகிறார்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்காவிட்டால் தொலைத்தொடர்புத் துறைக்கு pgportal.gov.in வழியாக எழுதலாம், அல்லது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. தொலைபேசிக் கம்பெனி மீதான வழக்கை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 118 ரூபாய்க்கு அதுவரை போவது அலைச்சல்தான். மூன்று வருடமாகப் பிடித்திருக்கிறார்கள் என்றால் கணக்கு வேறு.

மறுபடி வராமல் இருக்க, 1909க்கு START 0 என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் விளம்பர அழைப்புகள் தடுக்கப்படும். திரையில் குதிக்கும் அறிவிப்புகள் பெரும்பாலும் போனில் இருக்கும் SIM Toolkit ஆப்பிலிருந்து வருபவை. அதைத் திறந்து விளம்பரச் செய்திகளை நிறுத்திவிடலாம். இரண்டுமே ஸ்டார் பட்டன் விஷயத்தில் உதவாது. அதற்கு மாதாமாதம் பில்லின் இரண்டாம் பக்கத்தைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அந்தப் பக்கத்தில் கூகுள் பிளே என்ற பெயரில் ஏதாவது இருந்தால் 155223 அதைத் தொடாது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும்.