கதிரை மறைத்த கை

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தொன்றாம் நாளுக்குள் இரண்டு வேலைக்காக ஸ்டூடியோவுக்கு வருவார்கள். ஒன்று வீட்டில் மாட்டும் பெரிய படம், மற்றது கல்வெட்டு என்று அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்தின் முன் அட்டைப் படம். படம் எடுப்பதற்கென்று உட்கார்ந்து எடுத்த படம் பலரிடம் இருக்காது. கலியாண வீட்டில் யாரோ போனில் எடுத்ததில் நின்றுகொண்டோ சிரித்துக்கொண்டோ இருப்பார்கள், முன்னால் ஒரு கதிரையோ சோடாப் போத்தலோ நிற்கும். "அந்தக் கதிரைய மட்டும் எடுத்துவிடுங்க" என்பார்கள். களுவாஞ்சிக்குடியில் இந்தத் தொழிலில் இருக்கும் நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்கிறேன்.

கதிரையை எடுப்பது சின்ன வேலைதான். அதற்குப் பின்னால் இருந்தது படத்தில் எங்கும் பதிவாகவில்லை என்பதுதான் சிக்கல். கதிரைக்குக் கீழே கை ஒளிந்திருக்கிறது, துடைத்தால் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கையை நான்தான் வரைய வேண்டும். அதை நான் பிழையாக வரைந்த கதையைச் சொல்கிறேன்.

ஒரு மகள் வாட்ஸ்அப்பில் தாயின் படம் அனுப்பினார். தாய் கலியாண மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளையின் தோளில் இடது கையைப் போட்டிருந்தார். முன்வரிசையில் ஆள் இல்லாத சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று. அதன் முதுகுப் பகுதி முழங்கைக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டு வரை மறைத்திருந்தது. முழங்கையும் தெரிகிறது, பிள்ளையின் தோளில் விரல்களும் தெரிகின்றன. இரண்டு முனையும் தெரிந்தால் எங்களுக்கு அது நல்ல கேஸ், நடுவை இணைத்தால் போதும். விரல்களும் மறைந்திருந்தால் நான் வரையவே ஒத்துக்கொள்வதில்லை. விரலை ஊகித்து வரைந்தால் ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்குப் பட்டுவிடும்.

வேலையைப் பின்னாலிருந்து முன்னுக்குக் கட்ட வேண்டும். முதலில் கைக்குப் பின்னால் இருக்கும் சேலை, அதன்மேல் கை, அதன்மேல் கை விழுத்தும் நிழல், ஒவ்வொன்றும் தனி லேயரில். போட்டோஷொப்பில் கதிரை முழுவதையும் தெரிவுசெய்து Content-Aware Fill கொடுத்தால், அது பக்கத்தில் இருக்கும் எதையாவது எடுத்து நிரப்பும். சேலைக் கரை கையின்மேல் ஏறி நிற்கும். அதனால் சேலைக்கு அது எங்கிருந்து எடுக்கலாம் என்பதை நானே குறித்துக் கொடுத்தேன். கைக்கு அதைப் பாவிக்கவே இல்லை, Clone Stamp கொண்டு கையால் கட்டினேன்.

தோலை எங்கிருந்து எடுப்பது? மேல்கையிலிருந்து எடுத்தால் நிறம் பொருந்தாது. வெயில் படுகிற முன்கை எப்போதும் ஒரு படி கறுப்பாக இருக்கும். வலது முன்கையை எடுத்துத் திருப்பிப் போடலாமென்றால் வெளிச்சம் இடிக்கும். அந்த மண்டபத்தில் வெளிச்சம் அம்மாவின் இடது பக்கக் கதவிலிருந்து வந்தது. அதனால் வலது கையின் வெளிப்புறம் இருட்டு. திருப்பினால், வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டிய பக்கம் இருட்டாகிவிடும். எனவே தோலின் நிறத்தையும் துளைகளையும் மட்டும் அங்கிருந்து எடுத்து, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை Curves லேயரில் தனியாகப் பூசினேன்.

அடுத்தது கதிரை விட்டுப்போன தடயம். சிவப்புக் கதிரை பக்கத்திலிருக்கும் சேலையிலும் தோலிலும் மெல்லிய சிவப்பை அடித்திருக்கும். கதிரை போனபின்னும் அந்தச் சிவப்பு நின்றால் காரணம் தெரியாமலே கண் உறுத்தும். Color முறையில் ஒரு லேயர் போட்டு, பக்கத்துச் சேலையின் உண்மை நிறத்தை மெல்லப் பூசி அதை இறக்கினேன். கடைசியில், தூரிகை பட்ட இடம் வழுவழுவென்று நிற்காதபடி படத்தில் இருந்த அளவுக்கே பொடித்துகள் சேர்த்தேன். படத்தை இடம் வலமாகத் திருப்பியும் பார்த்தேன். பார்த்துப் பழகிய கண் அப்போதுதான் பிழையைக் காணும். ஒன்றும் தெரியவில்லை.

மகள் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அண்ணன், இது அம்மாட கை இல்லை."

சின்ன வயதில் மரத்தால் விழுந்து முறிந்து, சரியாகப் பொருந்தாமல் சேர்ந்த கையாம். முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமாகச் சற்று வளைந்திருக்கும். நான் உடற்கூறு பார்த்து, முழங்கைக்குக் கீழே தடித்து மணிக்கட்டுக்கு ஒடுங்கும் ஒழுங்கான கையை வரைந்திருந்தேன். யாருக்கும் பொருந்தும் கை, அந்த அம்மாவுக்கு மட்டும் பொருந்தவில்லை.

எனக்குச் சுட்டது அதற்குப் பிறகுதான். போனில் இருந்த மூலப்படத்தை வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். இவருடைய மூலப்படம் 4000 பிக்சல். பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் நீளவாக்கில் இடைவெளிகள் இருக்கும் அல்லவா? சுருங்கிய படத்தில் அவை மங்கிய இளஞ்சிவப்புக் கோடுகள். கதிரையின் பகுதிதான் என்று நினைத்துச் சேர்த்து அழித்துவிட்டேன். மூலப்படத்தில் அவற்றில் இரண்டுக்குள் தோல் தெரிந்தது. கையின் கீழ் விளிம்பும் தெரிந்தது, நான் வரைந்த கோட்டுக்கு வெளியே. வளைவு படத்திலேயே இருந்திருக்கிறது.

திரும்பத் தொடங்கினேன். இந்தத் தடவை இடைவெளிகளுக்குள் தெரிந்த தோலை முதலில் வெட்டித் தனி லேயரில் பூட்டி வைத்தேன். அந்த ஆதாரத்தைத் தொட எனக்கே அனுமதி இல்லை. சிவப்பை மட்டும் இறக்கினேன். முழங்கை, இரண்டு கீற்று, மணிக்கட்டு இவற்றைத் தொட்டுக்கொண்டு விளிம்புக் கோடு போட்டபோது வளைவு தானாக வந்தது. மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போன அன்று அர்ச்சனைத் தட்டுடன் எடுத்த இன்னொரு படத்தை மகள் தேடித் தந்தார். கோணம் வேறு என்பதால் அதிலிருந்து எதையும் வெட்டி ஒட்டவில்லை, வளைவின் அளவை ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்போது வேலை எடுக்கும்போதே கேட்கிறேன்: மூலப்படத்தை வாட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் போனையே கொண்டுவாருங்கள். அதே நாளில் எடுத்த மற்றப் படங்களும் வேண்டும். அந்தக் கையில் தழும்பு, மச்சம், கழற்றாத காப்பு ஏதாவது இருந்ததா? கேட்டால் சிலர் சிரிப்பார்கள். சிலர் அங்கேயே அழுதுவிடுவார்கள், அதற்கும் நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

காயம் பட்ட கை, விபத்து, காப்புறுதி, வழக்கு என்று எதற்காவது காட்டப் போகிற படமென்றால் இந்த வேலையைச் செய்வதில்லை. நான் கட்டுவது ஊகம், அதைச் சாட்சியாக வைக்க முடியாது. உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் படத்தைக் கொண்டுவந்து, மடியில் இருக்கும் பையை எடுத்து உடம்பைக் கட்டித் தரச் சொன்னால், அந்தப் பெண்ணே வந்து சொல்லாமல் கோப்பைத் திறப்பதும் இல்லை.

அந்த மகளுக்கு இரண்டு கோப்பு கொடுத்தேன். திருத்தியதன் பெயரிலேயே 'இடது முன்கை வரைந்தது' என்று எழுதி, மூலத்தை அழிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். கல்வெட்டு அட்டைக்கு நெஞ்சு வரை போதும் என்பதால் அதை மூலப்படத்திலிருந்தே வெட்டிக் கொடுத்தேன். அதில் கையே வரவில்லை.